சிங்கப்பூர்லருந்து ஊருக்கு காசு அனுப்ப: ரேட்டு, பீஸ், நேரம் மூணையும் எப்படி கணக்கு பாக்குறது

புதுசா வேலைக்கு வந்திருக்க தம்பிங்க, தங்கச்சிங்க எல்லாருக்கும் இத எழுதுறேன். முதல் சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்த உடனே நம்ம எல்லாருக்கும் வர்ற கேள்வி ஒன்னுதான், எந்த கடையில, எந்த ஆப்புல அனுப்பினா நல்லதுன்னு. ரூம்ல பத்து பேர் இருந்தா பத்து பதில் வரும். ஒருத்தர் தேக்காவுல இந்தக் கடைன்னுவாரு, இன்னொருத்தர் பீஸே இல்லாத ஆப்பு இருக்குன்னுவாரு, மூணாவது ஆள் பேங்க்லயே அனுப்பு அதான் சேப்டின்னுவாரு. மூணு பேர் சொல்றதும் அவங்க அனுப்பற தொகைக்கு சரியா இருக்கலாம், உங்க தொகைக்கு சரியா வராம போகலாம். அதனால கடை பேர் சொல்லாம கணக்கு போடற முறைய மட்டும் சொல்றேன். இது தெரிஞ்சா எந்தக் கடையா இருந்தாலும் ரெண்டு நிமிஷத்துல நீங்களே பாத்துக்கலாம்.

நான் இங்க வந்த முதல் வருஷம் ஒவ்வொரு மாசமும் ஞாயித்துக்கிழமை தேக்கா போயி, பீஸ் இல்லன்னு போர்டு வெச்சிருந்த ஒரே கடையிலதான் அனுப்பினேன். பீஸ் இல்லன்னா காசு எதுவும் பிடிக்கலன்னுதான் நெனச்சேன். ரூம்ல இருந்த ஒரு அண்ணன் ஒரு நாள் என் ரசீதையும் அவரோடதையும் பக்கத்துல வெச்சுக் காட்டினாரு. ஒரே நாள், ஒரே ஆயிரம் வெள்ளி, அவர் நாலு வெள்ளி பீஸ் கட்டியிருக்காரு, ஆனா அவங்க வீட்டுக்கு என் வீட்ட விட முந்நூறு ரூபாக்கு மேல அதிகமா போயிருக்கு. அது எப்படின்னு புரிஞ்சுக்க எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா ஆச்சு. அதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

முதல்ல நடு ரேட்டு என்னன்னு பாருங்க

போன எடுத்து கூகுள்ல `1 SGD to INR` னு அடிங்க. அங்க வர்றது நடு ரேட்டு, அதாவது பெரிய பேங்குங்க தங்களுக்குள்ள வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இருக்கற புள்ளி. அந்த ரேட்டு நமக்கு அப்படியே கிடைக்கறது ரொம்ப அபூர்வம், கடைக்காரங்க அதுலருந்து கொஞ்சம் கொறச்சுதான் குடுப்பாங்க, அந்தக் கொறச்சல்தான் அவங்க லாபம். இத மார்ஜின்னு சொல்வாங்க. ரசீதுல மார்ஜின்னு தனியா ஒரு வரி இருக்காது, அதனாலதான் அது நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல. நடு ரேட்டு தெரிஞ்சா மட்டும்தான் எவ்ளோ எடுத்தாங்கன்னு தெரியும்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு கணக்கு வெச்சுக்கலாம், நடு ரேட்டு ஒரு வெள்ளிக்கு 68 ரூபான்னு. நீங்க படிக்கற அன்னைக்கு ரேட்டு வேறயா இருக்கும், கணக்கு முறை அதேதான்.

பீஸ் இல்லாத கடை 67.15 குடுக்குதுன்னு வைங்க. ஒரு வெள்ளிக்கு 85 காசு மார்ஜின். ஆயிரம் வெள்ளி அனுப்பினா 850 ரூபா, கிட்டத்தட்ட 12 வெள்ளி 50 காசு. பீஸ் இல்லன்னு சொன்ன எடத்துல நீங்க குடுத்த கூலி அது.

இன்னொரு கடை 4 வெள்ளி பீஸ், ஆனா ரேட்டு 67.75. இங்க மார்ஜின் 25 காசுதான். ரெண்டையும் சேத்துப் பாக்க இந்த ஒரு கணக்கு போதும்:

```
வீட்டுக்குப் போற ரூபா = (மொத்த வெள்ளி - பீஸ்) × ரேட்டு
```

கையில இருக்கறது ஆயிரம் வெள்ளின்னா, முதல் கடையில 1000 × 67.15, அது 67,150 ரூபா. ரெண்டாவது கடையில பீஸ் போக 996 × 67.75, அது 67,479 ரூபா. பீஸ் வாங்கற கடையில 329 ரூபா கூட. என் ரசீதுக்கும் அந்த அண்ணன் ரசீதுக்கும் இருந்த வித்தியாசம் இப்படித்தான் வந்துச்சு.

அப்போ பீஸ் வாங்கற கடைதான் எப்பவும் நல்லதான்னு கேட்டா அதுவும் இல்ல. அதே ரெண்டு கடையில 200 வெள்ளி மட்டும் அனுப்பிப் பாருங்க. முதல் கடையில 200 × 67.15, 13,430 ரூபா. ரெண்டாவதுல 196 × 67.75, 13,279 ரூபா. இப்ப பீஸ் இல்லாத கடையில 151 ரூபா லாபம். காரணம் சிம்பிள்தான், மார்ஜின் ஒவ்வொரு வெள்ளிக்கும் பிடிக்கற கூலி, தொகை கூடக் கூட அதுவும் கூடிக்கிட்டே போகும். பீஸ் ஒரு தடவைக்கு பிடிக்கற கூலி, இருநூறு அனுப்பினாலும் ரெண்டாயிரம் அனுப்பினாலும் அதே நாலு வெள்ளி.

எந்தத் தொகையில கடை மாத்தணும்

இத தெரிஞ்சுக்கிட்டா மாசாமாசம் யோசிக்க வேண்டாம். பீஸ் எவ்ளோ ரூபான்னு பாருங்க, 4 வெள்ளின்னா சுமாரா 270 ரூபா. ரெண்டு கடை ரேட்டுக்கும் எத்தன காசு வித்தியாசம்னு பாருங்க, இங்க 60 காசு. 270-ஐ 0.60-ஆல வகுத்தா 450. அவ்ளோதான், 450 வெள்ளிக்கு மேல அனுப்பறதா இருந்தா பீஸ் கட்டி நல்ல ரேட்டு வாங்குங்க, அதுக்குக் கீழன்னா பீஸ் இல்லாத எடத்துக்குப் போங்க. ரேட்டு வித்தியாசம் 30 காசாக் கொறஞ்சா அந்த எல்லை 900 வெள்ளிக்குப் போயிரும், அதனால வித்தியாசம் ரொம்ப மாறிட்டா மட்டும் திரும்ப ஒரு தடவ போட்டுப் பாருங்க.

இதுலருந்து இன்னொன்னும் தெரியும். அஞ்சாந்தேதி ஐநூறு, இருபதாந்தேதி ஐநூறுன்னு பிரிச்சு அனுப்பறவங்க பீஸ் ரெண்டு தடவ கட்றாங்க. வீட்டுல ரெண்டு தவணையா வேணும்னா ஒரே தடவையா அனுப்பிட்டு, பாதிய அக்கவுண்ட்லயே விட்டு வைக்கச் சொல்லலாம். அதுக்காக ரூம்ல நாலு பேர் காசையும் ஒருத்தர் பேர்ல சேத்து அனுப்பறது மட்டும் வேண்டாம். சிலர் பீஸ் மிச்சம்னு இதச் செய்யறாங்க. ஒரு ஆள் சம்பளத்துக்கு மேல காசு போனா கம்பெனி நிறுத்தி வெச்சு சம்பள சீட்டு கேப்பாங்க, அந்த சீட்டுல இருக்கற தொகையும் அனுப்பின தொகையும் ஒத்துப் போகாது, அப்புறம் நாலு வீட்டு காசும் மாட்டிக்கும்.

கணக்கு போடும்போது கவனிக்க வேண்டியது, பீஸ் உள்ளயா வெளியயான்னு. சில ஆப்புல ஆயிரம்னு போட்டா அதுக்குள்ளருந்தே பீஸ எடுத்துக்கிட்டு மிச்சத்த மாத்துவாங்க. கடை கவுண்டர்ல பெரும்பாலும் ஆயிரத்த மாத்திட்டு பீஸ மேல கேப்பாங்க, உங்க கையிலருந்து போறது 1004. இது ரெண்டையும் நேரா ஒப்பிட்டா கணக்கு தப்பாயிரும். உங்க கையிலருந்து மொத்தமா போற வெள்ளி எல்லா எடத்துலயும் ஒன்னா இருக்கணும், வீட்டுக்கு வர்ற ரூபாய மட்டும் ஒப்பிடணும்.

அடுத்து, முதல் தடவ ரேட்டு. புதுசா சேர்றவங்களுக்கு நிறைய ஆப்புல முதல் ட்ரான்ஸ்பருக்கு மட்டும் ஸ்பெஷல் ரேட்டு குடுப்பாங்க, சில சமயம் நடு ரேட்ட விடவே கூட. அத தாராளமா வாங்கிக்கோங்க, தப்பே இல்ல. ஆனா அத வெச்சு இதான் பெஸ்ட்டுன்னு முடிவு பண்ணாதீங்க, ரெண்டாவது மாசம் வர்ற ரேட்டுதான் அவங்க உண்மையான ரேட்டு. சில எடத்துல அந்த ஸ்பெஷல் ரேட்டு முதல் ஐநூறு வெள்ளிக்கோ ஆயிரம் வெள்ளிக்கோதான், மிச்சத்துக்கு சாதா ரேட்டுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், அதையும் பாருங்க.

ஞாயித்துக்கிழமை ரேட்டு

இத எனக்கு யாரும் சொல்லல, நானா நோட்டுல எழுதி வெச்சுதான் கண்டுபிடிச்சேன். மூணு மாசம் தினமும் மத்தியான சாப்பாட்டு நேரத்துல நடு ரேட்டையும், நான் அனுப்பற ஆப்போட ரேட்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதினேன். வார நாள்ல 25 காசு, 28 காசுன்னு இருந்த மார்ஜின் சனி, ஞாயிறுல 45 காசு வரைக்கும் போச்சு.

காரணம் என்னன்னா, உலகத்துல கரன்ஸி மார்க்கெட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நியூயார்க்ல மூடுது, அது நமக்கு சனிக்கிழமை விடியகாலம். திரும்ப தொறக்கறது திங்கட்கிழமை விடியகாலம்தான். நடுவுல ஏதாவது நடந்து திங்கட்கிழமை ரேட்டு மாறினா நஷ்டம் கடைக்காரருக்கு, அதனால அவரு வார கடைசியில கொஞ்சம் கூட கொறச்சுக் குடுத்து தன்ன காப்பாத்திக்கிறாரு. நமக்கோ லீவு கிடைக்கறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான், அன்னைக்குத்தான் தேக்காவுல கால் வைக்க எடம் இருக்காது. இங்க சட்டப்படி சம்பளம் மாசம் முடிஞ்சு ஏழு நாளைக்குள்ள போடணும், அதனால ஏழாந்தேதிக்கு அப்புறம் வர்ற முதல் ஞாயிறு கூட்டம் இன்னும் ஜாஸ்தி.

ஆயிரம் வெள்ளிக்கு 20 காசு போனா 200 ரூபா, வெள்ளில மூணு. பெருசா தெரியாது, வருஷத்துக்கு பாத்தா 2,400 ரூபா. அதனால ஆப்புல அனுப்பறவங்க திங்கள்லருந்து வெள்ளிக்குள்ள ஒரு நாள் அனுப்புங்க. கடைக்கு நேர்லதான் போகணும்னா வேலை முடிஞ்சு வார நாள்ல போக முடியுதான்னு பாருங்க, எம்ஆர்டி காசும் அதே அளவு ஆகுதுன்னா விட்டுருங்க. எல்லா கடையும் இப்படிப் பண்றாங்கன்னு சொல்ல மாட்டேன், நீங்க அனுப்பற எடத்துல ஒரு மாசம் எழுதிப் பாத்தா தெரிஞ்சுரும்.

ஒரு விஷயம், ஞாயித்துக்கிழமை கூகுள்ல காட்டறது வெள்ளிக்கிழமை மூடின ரேட்டு. அன்னைக்கு மார்ஜின் ஜாஸ்தியா தெரியறதுக்கு அதுவும் ஒரு காரணம், அத மனசுல வெச்சுக்கோங்க.

பேங்க் மூலமா அனுப்பினா

இங்க இருக்கற பேங்க்ல ரெண்டு விதமா அனுப்பலாம், இத கொழப்பிக்கக் கூடாது. ஒன்னு, பேங்கோட ஆப்புக்குள்ளயே இந்தியாவுக்குன்னு தனியா ஒரு சேவை வெச்சிருப்பாங்க, அதுல காசு இங்கேயே ரூபாயா மாறி அங்க ரூபாயாவே சேரும். இத கடை, ஆப்பு மாதிரியே மேல சொன்ன கணக்குல ஒப்பிடலாம். இன்னொன்னு ஸ்விஃப்ட் வழியா வெள்ளியாவே அனுப்பறது. நமக்கு அடி விழறது அந்த ரெண்டாவதுல.

ஸ்விஃப்ட்ல அனுப்பற பேங்க் ஒரு சார்ஜ் எடுக்கும். நடுவுல காசு இன்னொரு பேங்க் வழியா போகும், அது தன் பங்குக்கு கொஞ்சம் எடுக்கும், எவ்ளோன்னு முன்னாடியே பல நேரம் தெரியாது. ஊர்ல நம்ம பேங்க் தன்னோட ரேட்டுல ரூபாயா மாத்தும், அந்த ரேட்டு நமக்கு இங்க தெரியாது. மாத்தறதுக்கு ஜிஎஸ்டி வேற உண்டு, ஒரு லட்சம் ரூபா வரைக்கும் தொகையில 0.18 சதவீதம், கொறஞ்சது 45 ரூபா. 66,000 ரூபாய்க்கு 119 ரூபா வரும். அனுப்பும்போது ஸ்க்ரீன்ல `OUR`, `SHA`, `BEN` னு மூணு சாய்ஸ் கேக்கும். `OUR` னா எல்லா சார்ஜும் நம்ம தலையில, `SHA` னா இங்க நம்ம பேங்க் சார்ஜ் நமக்கு, மிச்ச சார்ஜ் வாங்கறவங்களுக்கு, `BEN` னா வாங்கறவங்க தலையில. சம்பளக் காசு அனுப்ப இந்த வழி தேவையே இல்ல. நிலம், வீடு வாங்கறதுக்கு ரொம்பப் பெரிய தொகை போகணும், ஆப்புல லிமிட்டு பத்தலன்னா அப்ப மட்டும் பாருங்க, ரெண்டு பேங்க்லயும் கேட்டு எல்லா சார்ஜையும் எழுதி வாங்கிக்கிட்டு.

இங்க இருக்கற பேநவ்வையும் ஊர்ல இருக்கற யூபிஐயையும் இணைச்சு ஒரு வழி 2023 பிப்ரவரில தொடங்கினாங்க, போன் நம்பர் இல்லன்னா யூபிஐ ஐடி போட்டா ஊருக்கு உடனே போகும். எல்லா பேங்க்லயும் கிடையாது, சின்னத் தொகைக்குன்னு லிமிட்டு இருக்கு. உங்க பேங்க்ல இருந்தா அவசரத்துக்கு ரொம்ப வசதி, ஆனா அதுக்கும் ஒரு ரேட்டு காட்டுவாங்க, அதையும் நடு ரேட்டோட வெச்சுப் பாத்துட்டு அமுக்குங்க.

நேரத்துக்கு என்ன வெல

உடனே போகும், ஒரு நாள் ஆகும், ரெண்டு மூணு நாள் ஆகும்னு மூணு விதம் சொல்வாங்க. மெதுவா போறது சில எடத்துல கொஞ்சம் மலிவு. நம்ம ஆளுங்க இதுல ரெண்டு பக்கமும் தப்பு பண்றாங்க, அவசரமே இல்லாம உடனே போறதுக்கு காசு குடுக்கறாங்க, இல்லன்னா அம்பது ரூபா மிச்சம் பாத்து தவணை தேதிய தவற விடறாங்க.

ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கின கடன் பெரும்பாலும் நூத்துக்கு ரெண்டு வட்டி. 67,000 ரூபா அசலைக் கட்டறதா இருந்தா அதுக்கு மாச வட்டி 1,340 ரூபா. வட்டி தேதி பத்தாந்தேதின்னு வைங்க, ஒன்பதாந்தேதி மெதுவா போற வழியில அனுப்பி பன்னிரண்டாந்தேதி சேந்தா, சில எடத்துல அந்த மாச வட்டி முழுசா கேப்பாங்க. அங்க 1,340 போச்சு, இங்க மிச்சம் பிடிச்சது 60 ரூபா. அதே சேமிப்புக்கு போற காசா இருந்தா மூணு நாள் லேட்டானா ஒன்னும் ஆகாது, மெதுவாவே போகட்டும். அதனால இந்த மாசம் இந்தக் காசு எந்தத் தேதிக்குள்ள போயே ஆகணும்னு முதல்ல வீட்டுல கேளுங்க, அதுக்கப்புறம் வழிய எடுங்க.

உடனேன்னு சொல்றதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. ஊர்ல ஐஎம்பிஎஸ் ராத்திரி பகல் லீவு எல்லா நேரமும் ஓடும், நெஃப்ட்டும் 2019 டிசம்பர்லருந்து 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தடவ போகுது. அதனால ஊர்ல பெருசா தாமதம் இல்ல. தாமதம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான், நம்ம காசு கம்பெனிக்கு சேர்றதுல, முதல் தடவ பெர்மிட் போட்டோ செக் பண்றதுல. பேநவ்ல கட்டினா நொடியில சேரும், கார்டுல கட்டினா தனியா சார்ஜ் இருக்கும். இன்னொன்னு கேளுங்க, இப்ப ஸ்க்ரீன்ல காட்டற ரேட்டு லாக் ஆயிருச்சா, இல்ல எங்க காசு உங்களுக்கு வந்த நேரத்து ரேட்டான்னு. லாக் ஆகாத எடத்துல நீங்க பாத்த ரேட்டுக்கும் கிடைச்ச ரேட்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

ரேட்டு இன்னும் ஏறும்னு காத்திருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. நாளைக்கு ஏறுமா எறங்குமான்னு யாருக்கும் தெரியாது, பேங்க்ல இருக்கறவங்களுக்கும் தெரியாது. மார்ஜின், பீஸ் ரெண்டும் நம்ம கையில இருக்கு, அத மட்டும் பாருங்க.

வீட்டு அக்கவுண்ட்ட முதல்ல சரி பண்ணுங்க

எவ்ளோ நல்ல ரேட்டு வாங்கினாலும் அந்தப் பக்கம் அக்கவுண்ட் சரியில்லன்னா காசு திரும்பி வரும், திரும்பி வரும்போது மறுபடி வெள்ளியா மாத்துவாங்க, அதுலயும் போகும். இது எனக்கே நடந்திருக்கு. அம்மா நூறு நாள் வேலைக்குன்னு தொடங்கின அக்கவுண்ட்டு, ரெண்டு மாசம் ஒழுங்கா போச்சு, மூணாவது மாசம் காசு சேரல. ஆறு நாள் தேடினேன். அம்மா பஸ் புடிச்சு பேங்க்குக்கு மூணு தடவ போயிட்டு வந்தாங்க. கடைசியில தெரிஞ்சது, முழு கேஒய்சி இல்லாம தொடங்கற சின்ன அக்கவுண்ட்டுக்கு லிமிட்டு உண்டு, எந்த நேரத்துலயும் இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல இருக்கக் கூடாது, ஒரு வருஷத்துல மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல வரவு வரக் கூடாது. நான் மூணாவது தடவ அனுப்பினப்ப அந்த ஒரு லட்சம் தாண்டியிருக்கு. ஆதார், பான் குடுத்து முழு கேஒய்சி பண்ணதும் சரியாச்சு. நீங்க கெளம்பறதுக்கு முன்னாடியே, இல்ல இப்ப லைன்ல இருக்கும்போதே, வீட்டுல இருக்கறவங்கள பாஸ்புக்கோட பேங்க்குக்குப் போயி இது சாதா சேமிப்பு கணக்கா, கேஒய்சி முழுசா இருக்கான்னு கேக்கச் சொல்லுங்க. ரெண்டு வருஷமா எந்த வரவு செலவும் இல்லாத அக்கவுண்ட்டும் செயல்படாத கணக்குன்னு போயிரும், அதையும் பாக்கச் சொல்லுங்க.

பழைய பாஸ்புக்ல இருக்கற ஐஎஃப்எஸ்சி கோட பாத்து போடாதீங்க. நிறைய பேங்க் சேந்துருச்சு. 2020 ஏப்ரல்ல சிண்டிகேட் பேங்க் கனரா கூட, அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்க் கூட, ஆந்திரா பேங்கும் கார்ப்பரேஷன் பேங்கும் யூனியன் பேங்க் கூட சேந்துச்சு. நம்ம கரூர் லட்சுமி விலாஸ் பேங்க் 2020 நவம்பர்ல டிபிஎஸ் இந்தியா கூட சேந்துச்சு. பல்லவன், பாண்டியன் கிராம பேங்க் ரெண்டும் சேந்து 2019-ல தமிழ்நாடு கிராம பேங்க் ஆச்சு. கோடும் மாறியிருக்கும், புதுசா பேங்க்ல கேட்டு வாங்குங்க. அந்தக் கோடு 11 எழுத்து, அஞ்சாவது எடத்துல எப்பவும் ஜீரோதான் வரும், இங்கிலீஷ் ஓ எழுத்து கிடையாது. கடை கவுண்டர்ல கையால எழுதிக் குடுக்கும்போது இது அடிக்கடி தப்பாகுது.

அக்கவுண்ட் நம்பர ரெண்டு பேர் சேந்து சத்தமா படிச்சு சரி பாருங்க. பேர் சரியா இருந்து நம்பர் தப்பா இருந்தா, காசு பெரும்பாலும் நம்பர் பாத்துதான் விழும், வேற ஆளுக்கு விழுந்தா திரும்ப வாங்கறது ரொம்பக் கஷ்டம். அதனால முதல் தடவ கொஞ்சமா, ஒரு இருபது முப்பது வெள்ளி அனுப்பிப் பாருங்க. பீஸ் இல்லாத எடத்துல இதுக்கு செலவே இல்ல. வீட்டுக்கு மெசேஜ் வந்தது தெரிஞ்சதும் மிச்சத்த அனுப்புங்க.

எதுக்கு அனுப்பறீங்கன்னு கேக்கற எடத்துல குடும்பச் செலவு, சேமிப்புன்னு இருக்கறத எடுங்க, இந்தியாவுல அதுக்கு கோடு `P1301`. அவசரத்துல வேற ஏதாவது, வியாபாரம் அது இதுன்னு எடுத்துட்டா காசு நின்னு பேப்பர் கேப்பாங்க. உங்க பேர்லயே சேத்து வைக்கறதா இருந்தா என்ஆர்இ அக்கவுண்ட் தொடங்குங்க, வெளிநாட்டுல இருக்கற வரைக்கும் அந்த வட்டிக்கு இந்தியாவுல வரி கிடையாது.

அக்கவுண்ட்டே இல்லாதவங்களுக்கு ரொக்கமா எடுக்கற வழியும் இருக்கு, ஒரு தடவைக்கு கையில 50,000 ரூபா வரைக்கும்தான் ரொக்கம் தருவாங்க, ஒரே ஆள் வருஷத்துக்கு 30 தடவ வரைக்கும் வாங்கலாம். நான் பாத்த வரைக்கும் ரேட்டு இதுல கொறச்சலாத்தான் இருக்கு.

உண்டியல் வேண்டாம்

லைசென்ஸ் இல்லாம காசு அனுப்பற ஆளுங்களத்தான் உண்டியல்னு சொல்றோம். நாம தங்கியிருக்கற டாமுக்கே வந்து காசு வாங்கிக்கிட்டு போவாங்க, ரேட்டும் கடைய விட கூட சொல்வாங்க. இங்க லைசென்ஸ் இல்லாம காசு அனுப்பற தொழில் பண்றது பேமெண்ட் சர்வீசஸ் சட்டப்படி குத்தம், தனி ஆளுக்கு 1,25,000 வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். நமக்கு நேரா வர்ற ஆபத்து ஊர்ல இருக்கு. அங்க வீட்டு அக்கவுண்ட்ல விழற காசு யாரோ தெரியாத ஆள் அக்கவுண்ட்லருந்து வருது. அது ஆன்லைன்ல யாரையோ ஏமாத்தின காசா இருந்தா போலீஸ் அந்தக் காசு போன அக்கவுண்ட்ட எல்லாம் முடக்குவாங்க, உங்க அம்மா அக்கவுண்ட்டும் அதுல ஒன்னு. எங்கருந்து வந்துச்சுன்னு காட்ட உங்ககிட்ட ரசீது இருக்காது. கடையோ ஆப்போ, லைசென்ஸ் இருக்கான்னு சிங்கப்பூர் நாணய வாரியமான மாஸ் வெப்சைட்ல பேர் போட்டு பாக்கலாம், `eservices.mas.gov.sg/fid`. போர்டுல இருக்கற பேரும் ரசீதுல இருக்கற கம்பெனி பேரும் வேற வேறயா இருக்கலாம், ரசீதுல இருக்கற பேர போட்டுப் பாருங்க.

இந்த மாசம் அனுப்பும்போது இப்படிப் பண்ணுங்க

வார நாள்ல ஒரு சாப்பாட்டு நேரம். நடு ரேட்ட பாத்து எழுதுங்க. கையில இருக்கற மொத்தத் தொகைய மூணு எடத்துல போடுங்க, ரெண்டு ஆப்பு, ஒரு பேங்க் ஆப்புன்னு வைங்க, எல்லாம் அஞ்சு நிமிஷத்துக்குள்ள, ஏன்னா ரேட்டு ஓடிக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு எவ்ளோ ரூபா சேரும்னு கடைசியா காட்டற தொகைய மட்டும் எழுதுங்க. எப்ப சேரும்னு பக்கத்துல எழுதுங்க. நடு ரேட்டுல எவ்ளோ வந்திருக்கும்னு பெருக்கி அதுலருந்து ஒவ்வொன்னையும் கழிச்சா அவங்கவங்க எடுத்த மொத்தக் கூலி வந்துரும். மேல சொன்ன கணக்குல 68,000-லருந்து 67,150 போனா 850, 67,479 போனா 521.

அனுப்பினதும் ரசீத போட்டோ எடுத்து வைங்க, அதுல ரெபரன்ஸ் நம்பர் தெரியணும். சொன்ன நேரத்துக்குள்ள சேரலன்னா முதல்ல கம்பெனிக்கு போன் பண்ணி யூடிஆர் நம்பர் வந்துச்சான்னு கேளுங்க. அது குடுத்துட்டா காசு ஊர் பேங்க் வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம், அந்த நம்பர வீட்டுக்கு அனுப்பி அந்த பிராஞ்ச்ல கேக்கச் சொல்லுங்க. குடுக்கலன்னா காசு இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கு, அம்மாவ பேங்க்குக்கு அலைய விட வேண்டாம்.